சிற்றம்பலம் குடிக்காத நாள்

என் புருசன் சிற்றம்பலத்தாரை நான் குடிகாரன் என்று ஏசாத கிழமை கிடையாது. கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருசம். அத்தனை ஏச்சிலும் ஒரே ஒரு ஏச்சுத்தான் பிழை. அந்த ஒன்று அவரை உயிரோடு விடாது போலிருந்தது.

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். பூவரசங்குளத்துக்கு அங்கால், ஒரு சின்னக் குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் வயல் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறின ஆட்கள் நாங்கள். காடு வெட்டி, கிணறு தோண்டி, யானைக்கு வெடி கொளுத்தி வாழ்ந்த இடத்தில் வாய் குறுகி இருந்தால் சரிவராது. பிள்ளையும் இல்லை எங்களுக்கு. ஆகவே என் வாய் முழுக்கவும் அவருக்கே சொந்தம்.

அவர் நல்ல உழைப்பாளி, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பின்னேரம் ஐந்து மணி ஆனால் கால் தானாகத் தவறணைப் பக்கம் திரும்பும். அங்கே கள்ளு. நெல் விற்ற நாளென்றால் வவுனியாவில் சாராயம். கூட்டாளி, பக்கத்துக் காணிச் சங்கிலி. எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு, ஒரு பாயும் இரண்டு சட்டியும் பெண்சாதி ராக்காயியும் மகளுமாக வந்து இறங்கினவன். அவனுக்குக் கொட்டில் போட மரம் வெட்டிக் கொடுத்தது இவர்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குப் போய், ஒன்றாகத் தவறணைக்குப் போய், ஒன்றாகத் திரும்பி வருவார்கள். எனக்குச் சங்கிலியைக் கண்ணில் காட்டக்கூடாது. என் மனுசனைக் கெடுக்கிறவன் அவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் அவனைக் கெடுத்திருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

எண்பதாம் ஆண்டு மாசி மாசம், வயல் வெட்டி நெல்லுச் சூடு அடித்து முடிந்த நேரம். இவர் ஒரு நாள் தவறணையால் நேரத்தோடு வந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"என்ன, இண்டைக்குக் கள்ளு முடிஞ்சு போச்சோ?"

"கழுத்து குத்துதடி. கள்ளு உள்ளுக்குப் போனவுடனை இந்த இடத்திலை குத்தத் துடங்கினது."

தொட்டுப் பார்த்தேன். இடது கழுத்தடியில் மூன்று கட்டி, பாக்குக்காய் அளவில். நோகுதோ என்று அழுத்தினேன். இல்லையாம். குடித்தால் மட்டும்தான் நோகுமாம். ஒரு மாசமாக அப்படித்தானாம்.

நான் சிரித்தேன். "கடவுள் எண்டு ஒருத்தர் இருக்கிறார் பாருங்கோ. நல்லாக் குத்தட்டும்" என்று சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னிலேயே ஆத்திரம் வரும்.

பங்குனியில் உடம்பு மெலியத் தொடங்கியது. பின்னேரத்தில் காய்ச்சல், படுத்தால் பாய் நனைகிற அளவுக்கு வியர்வை. வவுனியா ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கே கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கொழும்பில் பெரிய ஆஸ்பத்திரி. ஒரு கட்டியை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். பத்து நாள் கழித்து, எங்களோடு தமிழில் கதைக்க ஒரு பெண் டொக்டர் வந்தா. விமலேஸ்வரி என்று பெயர். முப்பது வயதிருக்கும். கதிரையை இழுத்துப்போட்டு இவருக்கு நேரே இருந்தா. அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

கழுத்திலும் அக்குளிலும் இருக்கிற நிணநீர்க் கட்டிகளில் வருகிற புற்றுநோயாம். சுகப்பட்டு மாறக்கூடிய வகை என்றா. மருந்து கடுமை, ஆனால் முழுக்க எடுத்து முடித்தால் கனபேர் பிழைக்கிறார்கள் என்றா. இடையில் விட்டால் வருத்தம் திரும்பி வரும், திரும்பி வந்தால் அடக்குவது கஷ்டம் என்றா.

இவர் தலையைக் குனிந்தபடி கேட்டார். "டொக்டர், குடிச்சா இந்த இடம் நோகுது. குடிச்சதாலையோ வந்தது?"

"இல்லை ஐயா, அப்பிடி நினையாதேங்கோ. இந்த வருத்தம் உள்ள சில பேருக்குக் குடிச்சவுடனை கட்டி நோகும். ஏனெண்டு எங்களுக்கும் வடிவாத் தெரியாது. எல்லாருக்கும் வாறதில்லை. ஆனா குடியைப் பற்றி வேறை ஒரு கதை இருக்கு. ரெண்டு பேரும் கவனமாக் கேளுங்கோ."

இரண்டு பேரும் என்றபோது என்னைத்தான் பார்த்தா.

"ஒவ்வொரு முறையும் முதல் நாளும் எட்டாம் நாளும் ஊசி. வாயாலை போடுற குளிசை பதினாலு நாள். பிறகு ரெண்டு கிழமை ஓய்வு. இப்பிடி ஆறு முறை. புற்றுநோய்க்கு எந்த மருந்து எடுத்தாலும் குடிக்க வேண்டாமெண்டுதான் நாங்கள் சொல்லுறது. ஈரலுக்கு மருந்தைச் சமாளிக்கிறதே பெரிய வேலை. வாய் புண்படும், வயித்தைப் பிரட்டிச் சத்தியும் கூடும். ஆனா உங்கடை குளிசையிலை ஒண்டு அதிலும் மோசம். அது உடம்பிலை இருக்கேக்கை ஒரு மிடறு குடிச்சாலும் முகம் சிவந்து கொதிக்கும். நெஞ்சு படபடக்கும், தலையிடிக்கும், சத்தி எடுக்கும், பிறஷர் விழுந்து ஆள் விழவும் கூடும். குளிசை முடிஞ்சு ரெண்டு கிழமை வரைக்கும் அந்தப் பயம் இருக்கு."

"அப்ப ஆறு மாசமும்?" என்றார் இவர்.

"ஆறு மாசமும். கள்ளு, சாராயம், பியர், பிராண்டி, கசிப்பு, ஒண்டும் கூடாது."

"விட்டிட்டன் டொக்டர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. டொக்டருக்கு முன்னால் அடக்கிக்கொண்டேன். இவர் இப்படி எத்தனை தரம் விட்டவர் என்று எனக்கல்லவா தெரியும். ஆனால் டொக்டர் சொன்ன குறிகளை ஒன்று விடாமல் மனதில் பதித்து வைத்தேன். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், சத்தி எடுக்கும். குடித்துவிட்டு இனி ஒளிக்க ஏலாது, நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன்.

முதல் முறை மருந்துக்கு வெள்ளவத்தையில் என் மச்சாள் வீட்டில் தங்கினோம். ஊசி போட்ட அன்றைக்கு இவர் சத்தி எடுத்த சத்தத்தில் அந்த வீட்டுப் பிள்ளைகள் பயந்து போனார்கள். எட்டாம் நாள் ஊசியும் முடிய ரயிலேறி வவுனியாவுக்கு வந்தோம். ஸ்ரேசனில் சங்கிலி மாட்டுவண்டியோடு நின்றான். இவரைத் தூக்கி ஏற்றாத குறை. வைக்கோல் பரப்பி, அதற்கு மேல் ராக்காயியின் சேலையை விரித்து வைத்திருந்தான். நான் நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் இவர் படுத்துக்கிடந்தார். மூன்றாம் நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு எழும்பிச் சேட்டைப் போட்டார்.

"எங்கை?"

"சங்கிலி வீட்டை. கொஞ்ச நேரம் இருந்திட்டு வாறன்."

"அங்கை என்ன ஊத்தி வைச்சிருக்கிறான்?"

செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஏழு மணிக்குத் திரும்பி வந்தார். நான் வாசலில் நின்று மோந்து பார்த்தேன். மணம் இல்லை, முகமும் சிவக்கவில்லை. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. ஒவ்வொரு நாளும் ஐந்துக்குப் போய் ஏழுக்கு வருவார். ஒவ்வொரு நாளும் நான் மோந்து பார்ப்பேன். பொலிஸ்காரர் மாதிரி நான் மோந்து பார்க்க, அவர் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டுவார். அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் முறை மருந்தோடு ஆள் இன்னும் வாடிப்போனார். தலைமயிர் கையோடு வந்தது. விரல் நுனி விறைத்து, சேட்டுப் பொத்தானைப் பூட்டக்கூட நான்தான் வேண்டும். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் கழுத்தில் இருந்த கட்டிகள் பாதிக்கு மேல் கரைந்துவிட்டன. மருந்து வேலை செய்கிறது என்று டொக்டர் விமலேஸ்வரி சந்தோசப்பட்டா. எனக்கோ கட்டி கரைந்து ஆளும் கரைந்துவிடுவாரோ என்று பயம்.

எட்டாம் நாள் ஊசி முடித்து ஊருக்கு வந்தவுடன் நான் நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரி செல்வநாயகத்தாரிடம் போனேன். நல்ல மனுசர். எங்கள் பகுதியில் பிள்ளை பெற்றவள், காய்ச்சலில் கிடந்து எழும்பினவன், எல்லாருக்கும் அவருடைய அரிஷ்டம்தான் உடம்பு தேற்றுகிற மருந்து. மூலிகையை அவித்து, வெல்லம் போட்டு, சாடியில் வாய்கட்டி ஒரு மாசத்துக்கு மேல் வைத்து எடுக்கிறது. நானும் கருச்சிதைந்து கிடந்த காலத்தில் குடித்துத் தேறினவள்.

"இங்கிலீசு மருந்து எடுக்கிறார், குடுக்கலாமோ?" என்று கேட்டேன்.

"இது வெறும் வேரும் பட்டையும் பிள்ளை. பசி வரும். பின்னேரத்திலை ஒரு அவுன்ஸ் சுடுதண்ணியோடை குடு."

ஒரு பெரிய போத்தலில் கறுப்பாக ஊற்றித் தந்தார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு, சாமி கும்பிட்டுக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு நாலரை மணிக்கு ஒரு அவுன்ஸ் அளந்து கொடுத்தேன். இவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். சேட்டைப் போட்டுவிட்டேன், பொத்தானைப் பூட்டிவிட்டேன். சங்கிலி வீட்டுக்குப் போனார்.

ஒரு மணித்தியாலம் ஆகவில்லை. ஒழுங்கையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், சங்கிலியின் தோளில் சாய்ந்து, கால் பின்னிக்கொண்டு வருகிறார். முகம் இரத்தச் சிவப்பு. கண் இரண்டும் செவ்வரளி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வேலிப் படலையடியிலேயே சத்தி எடுத்தார். கிட்டப் போனேன். புளித்த மணம் அடித்தது.

டொக்டர் சொன்ன ஒவ்வொரு குறியும் அப்படியே இருந்தது.

எனக்குப் பேய் ஏறினது மாதிரி ஆகிவிட்டது. "குடிகாரா!" என்று கத்தினேன். "சாகக் கிடந்தும் அந்தப் புத்தி போகேல்லையே! நான் ரயிலிலும் பஸ்ஸிலும் இழுபட்டு உன்னைக் காப்பாத்த, நீ கசிப்புக்கு உயிரை விக்கிறியே!" கலியாணம் கட்டின நாளிலிருந்து அவரை நான் நீ என்று சொன்னது அதுதான் முதல் தரம்.

"நான் குடிக்கேல்லையடி" என்றார். சொல்லவே மூச்சு வாங்கியது.

"அம்மா, சத்தியமா குடிக்கலீங்க. சும்மா உக்காந்திருந்தவரு திடீர்னு நெஞ்சு படபடங்குதுன்னாரு" என்றான் சங்கிலி.

அவனையும் விடவில்லை நான். என்ன சொன்னேன் என்று முழுக்க எழுத மாட்டேன். தோட்டத்துச் சனம் என்றேன். உன்னை இந்த ஊரில் குடியிருக்க விட்டதே பிழை என்றேன். அதைச் சொல்லும்போது ராக்காயியும் மகளும் ஒழுங்கையில் நின்றார்கள். ஒழுங்கைக்கு அங்கால் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்த சனம் முழுக்கக் கரைக்கு வந்து நின்று பார்த்தது. சங்கிலி இவரைப் பாயில் கிடத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போனான்.

இரண்டு மூன்று மணித்தியாலத்தில் சிவப்பு இறங்கியது. அடுத்த நாள் முழுக்க இவர் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. இவர் சங்கிலி வீட்டுக்கும் போகவில்லை. பின்னேரம் அவர் சோர்ந்து கிடந்ததைப் பார்க்க எனக்கு மனம் இளகியது. குடித்துக் கெட்ட உடம்புக்கு மருந்து கொஞ்சம் கூட வேணும் என்று நினைத்து, இரண்டு அவுன்ஸ் அரிஷ்டத்தை அளந்து கொண்டுபோய் நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே வாங்கினார். ஒரே மிடறில் குடித்தார்.

நான் கிண்ணத்தைக் கழுவி வைத்துக் குசினியில் அடுப்பை மூட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஆள் நிலத்தில். நேற்றைய அதே சிவப்பு, அதே படபடப்பு. ஆனால் இன்றைக்கு மூச்சும் இழுத்தது. நேற்று முகம் சிவந்ததற்குச் சங்கிலியைச் சொன்னேன். இன்றைக்கு வீட்டில் நானும் அவரும்தான். யாரும் வரவில்லை, எங்கும் போகவில்லை.

நான் போட்ட கூக்குரலுக்கு முதலில் ஓடி வந்தது சங்கிலி. ஒன்றும் கேட்கவில்லை. இவரைத் தூக்கித் தோளில் போட்டான். சந்தியில் நெல் ஏற்ற வந்த உழவு இயந்திரத்தை மறித்து, பெட்டியில் ஏற்றினான். நான் மருந்துப் பையை எடுத்தபோது, என்ன நினைத்தேனோ, அந்தக் கறுப்புப் போத்தலையும் எடுத்துக்கொண்டேன்.

வவுனியா ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் நின்றார். பிறஷர் பார்த்து, சேலைன் ஏற்றி, கொழும்பில் தந்த கிளினிக் அட்டையை வாங்கிப் படித்தார். பிறகு ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார்.

"இவர் என்ன குடிச்சவர்?"

"ஒண்டும் குடிக்கேல்லை டொக்டர். இந்த மருந்து மட்டும்தான்." போத்தலை நீட்டினேன்.

மூடியைத் திறந்து மோந்தார். பிறகு என் மூக்கடியில் பிடித்தார். "நீங்களே பாருங்கோ அம்மா. இது புளிக்க வைச்சுச் செய்யிறது. புளிக்கேக்கை உள்ளுக்குச் சாராயம் தானாய் ஊறும். கள்ளிலை இருக்கிற அளவு இதிலையும் இருக்கும், சிலவேளை கூடவும் இருக்கும். மற்றாக்களுக்குப் பெரிசா ஒண்டும் செய்யாது. இந்தக் குளிசை போடுறவருக்கு இது ஆகாது."

"டொக்டர் கள்ளு, சாராயம், பியர் எண்டுதான் சொன்னவா. இது மருந்தெல்லோ."

"ஓம். கனபேர் அப்பிடித்தான் நினைக்கினம். சில இருமல் பாணியிலையும் இருக்கு. வேறை ஏதும் குடுக்க முதல் கேட்டிருக்கலாம்." அவர் குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குக் கூட வலித்தது.

இவர் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் என்று எனக்குத் தெரியும். கண்ணோரத்தால் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

இரண்டு நாளில் வீட்டுக்கு விட்டார்கள். மிச்சக் குளிசைகளைக் கொழும்பில் கேட்டு, அவர்கள் சொன்னபடி போட்டு முடித்தார். மூன்றாம் முறைக்குத் திங்கட்கிழமை என்று திகதி வந்தது. பெட்டியை அடுக்கப் போனேன்.

"அடுக்காதை. நான் வரேல்லை" என்றார்.

"என்ன கதை கதைக்கிறியள்? இன்னும் நாலு முறை கிடக்கு."

"கிடக்கட்டும்."

அழுதேன், ஏசினேன், காலில் விழுந்தேன். வருத்தம் திரும்பி வந்தால் பிறகு அடக்குவது கஷ்டம் என்று டொக்டர் சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். கடைசியில் வாயைத் திறந்தார்.

"சத்தி எடுக்கிறது எனக்குப் பெரிசில்லை, சிவனேசு. மயிர் கொட்டினதும் பெரிசில்லை. நான் கள்ளை விட்டனான். என்ன பாடுபட்டு விட்டனானெண்டு உனக்குத் தெரியாது. அவ்வளவு பாடுபட்டும் ஊர் முழுக்கக் கேக்க நீ என்னைக் குடிகாரன் எண்டனி. சங்கிலியைத் தோட்டத்துச் சனம் எண்டனி. நான் பிழைச்சு வந்தாலும் நீ என்னை மோந்துதான் பாக்கப் போறாய். அதுக்கேன் பிழைக்க?"

என் பெயர் சிவனேஸ்வரி. அன்றைக்குத்தான் முதல் முறையாக என் வாய் கட்டிப்போயிற்று.

பின்னேரம் சங்கிலி வீட்டுக்குப் போனேன். மூன்று வருசமாக ஒரே வேலி, ஆனால் அந்தக் கொட்டிலுக்குள் நான் ஒரு நாளும் காலடி வைத்ததில்லை, அவர்கள் வீட்டுத் தண்ணியும் குடித்ததில்லை. ராக்காயி என்னைக் கண்டு பதறிப்போய்ப் பாயைத் தட்டிப் போட்டாள். இருந்தேன். சங்கிலி வாசலில் குந்தியிருந்தான்.

"சங்கிலி, நான் சொன்னது பிழை" என்றேன். "மன்னிச்சுக்கொள்."

"விடுங்கம்மா. அண்ணே நல்லா இருந்தா போதும்."

"அவர் கொழும்புக்கு வரமாட்டன் எண்டுறார்."

அவன் என் பக்கம் திரும்பிக் குந்தினான். பிறகு சொன்னான். "அம்மா, அண்ணே இங்க எதுக்கு வந்தாருன்னு நெனச்சீங்க? அஞ்சு மணிக்குத் தவறணை தொறப்பாங்க. அந்த நேரம் வீட்டுல இருந்தா கால் தானா அங்க போயிருமாம். அதான் இங்க வந்து உக்காருவாரு. கையெல்லாம் நடுங்கும். ராக்காயி பிளேன்டீ போட்டுக் குடுத்துக்கிட்டே இருப்பா. ஏழு மணிக்கு அவங்க பூட்டுற வரைக்கும் இருந்துட்டு, 'இன்னிக்குத் தப்பிட்டேன் சங்கிலி'ம்பாரு. அவரு இருக்கையில எனக்கும் போக மனசு வரல. நானும் விட்டுட்டேன்."

ராக்காயி ஒரு கோப்பையில் பிளேன்டீ கொண்டுவந்து, நான் வாங்குவேனோ மாட்டேனோ என்று தெரியாமல் நின்றாள். நான் வாங்கினேன். அழுதுகொண்டே குடித்தேன். அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்த இரண்டு மணித்தியாலத்தை நான் ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று சந்தேகப்பட்டிருக்கிறேன்.

"நீ வந்து சொல்லு அவருக்கு" என்றேன்.

"இவரு சொல்றதுல என்னம்மா இருக்கு. நீங்க ஏசினத ஊரே கேட்டுச்சு" என்றாள் ராக்காயி. மெல்லத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் பயந்து புருசனைப் பார்த்தாள்.

அவள் சொன்னது சரி. நான் எழும்பி நேரே வாய்க்கால் கரைக்குப் போனேன். ஆறு மணி. அன்றைக்கு நின்ற அதே சனம் குளித்துக்கொண்டும் துணி தோய்த்துக்கொண்டும் நின்றது. எங்கள் முற்றம் அங்கேயிருந்து தெரியும். இவர் வேப்பமரத்தடியில் கதிரையில் இருந்தார். நான் மதகில் ஏறி நின்று, ஏசும்போது எடுக்கிற அதே குரலை எடுத்தேன்.

"எல்லாரும் கேளுங்கோ! என்ரை மனுசன் குடிக்கேல்லை! ரெண்டரை மாசமாய் ஒரு துளி தொடேல்லை! குடுத்தது நான்! அரிஷ்டம் எண்டு நான்தான் என்ரை கையாலை குடிக்கக் குடுத்து விழுத்தினனான்! சங்கிலியும் குடுக்கேல்லை, ஒருத்தரும் குடுக்கேல்லை! இனி ஆரும் அவரைக் குடிகாரன் எண்டு சொன்னா என்னட்டை வாங்கிக் கட்டுவியள்!"

"நீதானேயக்கா சொன்னனி!" என்று தண்ணீருக்குள்ளிருந்து ஒருத்தி கேட்டாள்.

"ஓம், நான்தான்! எனக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்!"

சனம் சிரித்தது. சிரிக்கட்டும். நான் இன்னும் கத்தினேன். சங்கிலியைப் பற்றி நான் சொன்னதெல்லாம் பிழை என்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். திரும்பிப் பார்த்தால் இவர் கதிரையை விட்டு எழும்பி, தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு, தடியூன்றித் தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருக்கிறார்.

"வாயை மூடடி, சனம் சிரிக்குது" என்றார்.

"திங்கட்கிழமை வாறியளோ?"

"வந்தால் வாயை மூடுவியோ?"

"ஓம்."

"அப்ப வாறன்" என்றார். அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டு எத்தனையோ நாள்.

அந்த நாலு முறையையும் எடுத்து முடித்தார். ஒரு முறை இரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிட்டது என்று இரண்டு கிழமை தள்ளி வைத்தார்கள். அரிஷ்டக் கதையை டொக்டர் விமலேஸ்வரியிடம் நானே சொன்னேன். அவா தலையில் கையை வைத்தா. "என்ரை பட்டியலிலை அது இல்லாமல் போச்சு. நானும் அதை மருந்தெண்டுதான் நினைச்சிருக்கிறன்" என்றா. அதற்குப் பிறகு வந்த எல்லா ஆட்களுக்கும் அதையும் சேர்த்துச் சொன்னதை நான் வாசல் வாங்கில் பலகையில் இருந்து கேட்டிருக்கிறேன்.

ஐப்பசி மாசம் கடைசிச் சோதனை. கட்டி ஒன்றும் இல்லை. மூன்று மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டச் சொன்னா. இவர் எழும்பப் போனவர், திரும்ப இருந்தார்.

"டொக்டர், இனி ஒரு கிளாஸ் குடிக்கலாமோ?"

நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

"குளிசை நிப்பாட்டி ரெண்டு கிழமைக்குப் பிறகு அந்தப் படபடப்பு வராது. அந்தப் பயம் போச்சு" என்றா டொக்டர். "ஒரு கிளாஸ் குடிச்சா இந்த வருத்தம் திரும்பி வருமெண்டு நான் பொய் சொல்லவும் மாட்டன். ஆனா வாய், தொண்டை, ஈரல், இதுகளிலை வேறை புற்றுநோய் வாறதுக்குக் குடி ஒரு காரணம். ஒருக்கா வந்து பிழைச்ச உடம்பு. குடிக்காமல் இருக்கிறதுதான் திறம். குடிச்சால் மிச்சம் குறைவாய், எப்பவாவது ஒருக்கா. ஆனா ஐயா, ஒவ்வொரு நாளும் குடிச்ச ஆளுக்கு ஒரு கிளாஸோடை நிக்கிறது எவ்வளவு கஷ்டமெண்டு என்னை விட உங்களுக்குத்தான் தெரியும். குடிச்சால் எங்களுக்கு ஒளியாமல் சொல்லுங்கோ. அது முக்கியம்." பிறகு என் பக்கம் திரும்பினா. "நீங்கள் பாத்துக்கொள்ளுங்கோ அம்மா."

"நான் மோந்து பாக்கிறதை விட்டிட்டன் டொக்டர்" என்றேன்.

அடுத்த வருசம் வைகாசியில் சங்கிலியின் மகளுக்குக் கலியாணம். இவர்தான் முன்னுக்கு நின்று பந்தல் போட்டார். தலைமயிர் திரும்ப முளைத்து, பெடியன் மாதிரிச் சுருண்டிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு நான் கால் வலிக்கிறது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த போத்தல்கள் பந்தலுக்குப் பின்னால் திறந்து கிடந்ததைக் கண்டுவிட்டுத்தான் வந்தேன். இவரைக் கூட்டிக்கொண்டு வரலாமோ என்று யோசித்து, கூப்பிடாமல் வந்தேன்.

மூன்று மணிபோல வந்தார். நான் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் வந்து, இருக்காமல், நின்றார்.

"இஞ்சேர், நான் குடிச்சனான்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மாப்பிள்ளையின்ரை தேப்பன் கையிலை தந்தவர். ஒரு கிளாஸ். முழுசாக் குடிச்சனான். சங்கிலி வேண்டாமெண்டு சொன்னவன், நான் கேக்கேல்லை."

என் வாயில் இருபத்திமூன்று வருசத்து ஏச்சு முழுக்க வந்து நின்றது. தொண்டைவரை வந்தது. எத்தனை தரம் நான் கண்டுபிடித்திருக்கிறேன், எத்தனை தரம் மணத்தைப் பிடித்து, போத்தலைத் தேடி எடுத்து முகத்துக்கு நேரே ஆட்டியிருக்கிறேன். அவராக வந்து என் முன்னால் நின்று சொன்னது அதுதான் முதல் தரம்.

"வேறை?" என்றேன்.

"வேறை இல்லை. ஒண்டுதான்."

"சரி."

"நம்புறியோ?"

"நம்புறன்."

அவர் அப்படியே நிலத்தில் குந்தினார். "பயமாக் கிடக்கடி" என்றார். "நாளைக்கும் கேக்குமோ எண்டு பயமாக் கிடக்கு."

நான் மிளகாய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் இருந்தேன். வாற வியாழக்கிழமை கொழும்பில் கிளினிக் என்று ஞாபகம் வந்தது.

"டொக்டரிட்டைச் சொல்லுவமோ?" என்று கேட்டேன்.

"நீ ஒண்டும் சொல்லாதை" என்றார். "நானே சொல்லுறன்."